அழிந்த புகைப்படத்திலிருந்து கார் சேதத்தை விவரித்தல்

விபத்துக்குப் பின் எடுத்த புகைப்படம் கைப்பேசியிலிருந்து அழிந்துவிட்ட நிலையில், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேதத்தை எழுத்தில் விளக்கிக் கூறுவதே அழிந்த புகைப்படத்திலிருந்து கார் சேதத்தை விவரித்தல் எனப்படுகிறது. இவ்விவரணையில் நான்கு செய்திகள் இடம்பெறும். அவை சேதம் காரின் எந்த இடத்தில் உள்ளது, எவ்வளவு பெரியது, எவ்வளவு ஆழமானது, அதைச் சுற்றி என்ன இருந்தது என்பன. முதல் மூன்றையும் பெரும்பாலும் காரிலிருந்தே மீண்டும் பெறலாம். நான்காவதை மட்டும் காரிலிருந்து பெற முடியாது. இந்த வேறுபாட்டை உணராமல் எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதுவதால்தான் இத்தகைய உரிமைகோரல்களில் சிக்கல் எழுகிறது.

இக்கட்டுரை இந்தியாவில் தனியார் கார்களுக்கு வழங்கப்படும் சொந்தச் சேதக் காப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது.

புகைப்படத்தின் பங்கு

சொந்தச் சேத உரிமைகோரலில் முதன்மைச் சான்று கார்தான். உரிமையாளர் தகவல் தெரிவித்ததும் நிறுவனம் சர்வேயரை அனுப்புகிறது, அல்லது சிறு சேதமாயின் கைப்பேசிக் காணொளி வழியே பார்வையிடுகிறது. கிளெய்ம் படிவத்தில் நாள், நேரம், இடம், ஓட்டியவர், வேகம், நிகழ்ந்த விதம் ஆகியவை கேட்கப்படும். பல படிவங்களில் விபத்தைக் கோட்டுப்படமாக வரைவதற்கும் இடம் விடப்பட்டிருக்கும். சர்வேயர் படிவத்தில் எழுதியதையும் காரில் காண்பதையும் ஒப்பிடுகிறார். இரண்டும் பொருந்துகின்றனவா என்பதே அவர் தீர்மானிக்க வேண்டிய முதல் கேள்வி.

நிகழ்விடப் புகைப்படம் இந்தப் பொருத்தத்தை எளிதாக்குகிறது. கார் நின்ற நிலை, தரையில் சிதறியவை, மோதிய பொருள், அன்றைய வெளிச்சம், ஈரம் ஆகிய அனைத்தும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும். படம் இல்லை என்பதற்காக மட்டும் உரிமைகோரல் தானாகத் தள்ளுபடியாவதில்லை. ஆனால் படம் செய்யவேண்டிய வேலையை எழுத்து செய்ய வேண்டியிருக்கிறது. எழுத்து காருடன் முரண்பட்டால், உண்மையான விபத்தும் ஐயத்துக்குரியதாகிவிடும். காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. தெரிந்தே தவறான தகவல் தருவது உரிமைகோரலை மறுக்கக் காரணமாகலாம். ஆகவே ஞாபகப் பிழையை உறுதியான செய்திபோல எழுதுவது உரிமையாளருக்கே தீங்காக முடியும்.

முதலில் தேட வேண்டிய இடங்கள்

விவரணை எழுதுமுன் படம் உண்மையிலேயே அழிந்துவிட்டதா என்று பார்ப்பது வழக்கம். கூகுள் போட்டோஸில் காப்பெடுக்கப்பட்ட படம் அழிக்கப்பட்ட பின் 60 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். காப்பெடுக்கப்படாத படத்துக்கு இது 30 நாள்கள். ஐபோனில் "Recently Deleted" என்னும் தொகுப்பில் ஏறத்தாழ 30 நாள்கள் இருக்கும். உறவினருக்கோ மெக்கானிக்குக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அவர்களது கைப்பேசியில் ஒரு நகல் இருக்க வாய்ப்புண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அனுப்பியவரின் பக்கத்திலும் தனிக் கோப்புறையில் ஒரு நகல் தங்கியிருக்கலாம்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images/Sent
```

இவ்வாறு வழக்கமான முறையில் அனுப்பிய நகலில் படம் சுருக்கப்பட்டிருக்கும். படமெடுத்த நேரம், இடம் முதலிய உட்குறிப்புகளும் நீங்கியிருக்கும். இருந்தாலும் நினைவைச் சரிபார்க்க அது போதும். எங்கும் கிடைக்காதபோதுதான் எழுத்து விவரணை முழுப்பொறுப்பையும் ஏற்கிறது.

இடம்

"இடது பக்கம் அடி" என்பது இடத்தைக் குறிப்பிடப் போதுமானதன்று. காரின் இடமும் வலமும் ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி அமர்ந்திருப்பவரின் இடமும் வலமும் ஆகும். காருக்கு முன்னால் நின்று எடுத்த படத்தில் காரின் இடப்பக்கம் பார்ப்பவரின் வலப்பக்கத்தில் தெரியும். அழிந்த படத்தை மனத்தில் கொண்டுவந்து எழுதுபவர் படத்தின் வலத்தையே காரின் வலமாக எழுதிவிடுவதுண்டு. இந்தியாவில் ஸ்டீரிங் வலப்பக்கம் இருப்பதால் "ஓட்டுநர் பக்கம்", "பயணி பக்கம்" என்று சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் நீங்கும்.

அடுத்து எந்தப் பாகம் என்பதைக் கூற வேண்டும். பம்பர், பானட், முன் ஃபெண்டர், முன் கதவு, பின் கதவு, குவாட்டர் பேனல், டிக்கி ஆகியவை மெக்கானிக்கும் சர்வேயரும் வழங்கும் பெயர்கள். குவாட்டர் பேனல் என்பது பின் கதவுக்கும் பின் பம்பருக்கும் இடையே பின்சக்கரத்தின் மேலே அமைந்த தகடு. பலர் இதையும் பின் கதவின் பகுதியாக எழுதிவிடுகின்றனர். கதவைக் கழற்றி மாற்றலாம். குவாட்டர் பேனலோ உடற்கூட்டுடன் பற்றவைக்கப்பட்டது. எனவே இரண்டுக்கும் பழுதுபார்க்கும் செலவு பெரிதும் வேறுபடும்.

பாகத்தின் பெயருக்கு அவற்றின் பணமதிப்பிலும் பங்குண்டு. வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 விழுக்காடு கழிக்கப்படுகிறது. கண்ணாடிக்குக் கழிவில்லை. உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு உயரும். தேய்மானமில்லாக் கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால் இக்கழிவு பெரும்பாலும் பொருந்தாது. பிளாஸ்டிக் பம்பரில் பட்ட அடியை உலோக ஃபெண்டரின் அடியாக எழுதினால் மதிப்பீடே மாறிப்போகும்.

பாகத்துக்குள் இடத்தைக் குறிக்க இரண்டு அளவுகள் போதும். ஒன்று தரையிலிருந்து உயரம். மற்றொன்று அந்தப் பாகத்தின் அருகிலுள்ள விளிம்பிலிருந்து தூரம். இவற்றுள் உயரமே சர்வேயருக்கு மிகவும் பயன்படுவது. மோதிய பொருளைக் காரில் உள்ள தழும்புடன் இணைத்துக் காட்டுவது அதுவே. முழங்கால் உயரமுள்ள சிமென்ட் கட்டையில் உரசியதாகக் கூறிவிட்டு, கீறல் கதவுக் கைப்பிடிக்கு அருகில் இருந்தால் விளக்கம் பொருந்தாது. உயரத்தைச் சமதரையில், டயர்களில் வழக்கமான காற்றழுத்தம் இருக்கும்போது அளக்க வேண்டும். விபத்தின்போது காரில் ஐந்து பேர் இருந்திருந்தால் கார் சற்றுத் தாழ்ந்திருக்கும் என்பதையும் குறித்துவைப்பது நல்லது.

அளவு

அழிந்த படத்தின் நினைவு, அளவைப் பொறுத்தவரை நம்பத்தக்கதன்று. சேதத்தை மிக அருகில் சென்று எடுக்கும்போது கைப்பேசியின் அகலக்கோண வில்லை நடுப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும். பக்கவாட்டு வெயிலில் சிறு டொக்கும் பள்ளமாகத் தெரியும். நேரான ஃபிளாஷ் வெளிச்சத்தில் பெரிய டொக்குகூட மறைந்துவிடும். படத்தில் ஒப்பீட்டுக்கு ஒரு பொருள் இல்லையெனில் படமே அளவைக் கூறாது. அதன் நினைவு மட்டும் எப்படிக் கூறும்?

எனவே கார் இன்னும் பழுதுபார்க்கப்படாமல் இருந்தால் அளவுநாடாவால் புதிதாக அளப்பதே முறை. கீறலுக்கு நீளமும் அகன்ற இடத்தின் அகலமும் தேவை. டொக்குக்கு நீளவாக்கிலும் உயரவாக்கிலும் இரண்டு அளவுகள் தேவை. டொக்கின் எல்லை கண்ணுக்குச் சட்டெனப் புலப்படாது. ஜன்னல் கம்பியோ குழல்விளக்கோ தகட்டில் பிரதிபலிக்கும்படி நின்று பார்த்தால், நேர்க்கோடு வளையத் தொடங்கும் இடமே டொக்கின் எல்லை என்று தெரியும்.

கார் கையில் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பில் இருந்தால் அறிந்த பொருளுடன் ஒப்பிட்டு எழுதலாம். 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 2.7 செ.மீ. ஏ.டி.எம். அட்டையின் நீளம் ஏறத்தாழ 8.6 செ.மீ., அகலம் 5.4 செ.மீ. "அட்டையின் நீளத்துக்குச் சமம்" என்பது சரிபார்க்கத்தக்க கூற்று. "பெரிய அடி" என்பதைச் சரிபார்க்க வழியில்லை.

ஆழம்

ஆழம் என்னும் சொல் இரண்டு வேறு பொருள்களில் வழங்குகிறது. டொக்கின் ஆழம் தகடு உள்ளே போன தூரம். கீறலின் ஆழம் பெயிண்டின் எந்த அடுக்குவரை சென்றது என்பது. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

டொக்கின் ஆழத்தை அளக்க, சமமான தகட்டுப் பகுதிகளைத் தொடும்படி ஒரு நேர் அளவுகோலை டொக்கின் குறுக்கே வைத்து, அதன் அடியிலுள்ள இடைவெளியை இன்னொரு சிறு அளவுகோலால் பார்ப்பார்கள். கதவு இயல்பாகவே வளைந்திருந்தால் மறுபக்கக் கதவின் அதே இடத்திலும் அளந்து, வேறுபாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆழத்தைவிட முக்கியமானது மடிப்பு. மென்மையான குழி, பெயிண்ட் வெடிக்காமல் இருந்தால், உட்புறமிருந்து தள்ளிப் பெயிண்ட் அடிக்காமலே எடுக்கப்படலாம். கூர்மையான மடிப்பு விழுந்த இடத்தில் உலோகம் நீண்டுவிடும். அங்கே டிங்கரிங், பட்டி, பெயிண்டிங் ஆகிய மூன்றும் தேவைப்படும். ஆகவே "6 மி.மீ. ஆழம், நடுவில் மடிப்பு உண்டு, பெயிண்ட் வெடித்துள்ளது" என்னும் ஒரு வாக்கியம் பழுதின் வகையையே சொல்லிவிடுகிறது.

கீறலின் ஆழத்தை அளவுகோலால் அளக்க முடியாது. தொழிற்சாலைப் பெயிண்ட் முழுவதும் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதாவது சாதாரண எழுதுதாள் ஒன்றின் கனம் அல்லது அதைவிடச் சற்று அதிகம். அதற்குள் மேலே ஒளிபுகும் கிளியர் கோட், அடுத்து நிறம், அதற்கும் கீழே பிரைமர், கடைசியில் உலோகம் என அடுக்குகள் உள்ளன. எந்த அடுக்கு தெரிகிறது என்பதே ஆழத்தின் அளவு. கழுவித் துடைத்த பின் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்த்தால் முதல் குறிப்பு கிடைக்கும். நகம் தடையின்றிச் சென்றால் கீறல் பெரும்பாலும் கிளியர் கோட்டிலேயே நின்றுவிட்டது. நகம் சிக்கினால் அது கீழே இறங்கியுள்ளது. உள்ளே சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் என்றும், பளபளத்தால் உலோகம் என்றும் கொள்ளலாம். வெள்ளைக் காரில் நிறமும் பிரைமரும் வேறுபடுத்தக் கடினம். அங்கே நகச் சோதனையே துணை.

உலோகம் வெளிப்பட்ட இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் இது சில நாள்களிலேயே தெரியலாம். அடர்ந்த பழுப்புத் துருவும், கீறலின் ஓரத்தில் பெயிண்ட் உப்பியிருப்பதும் பழைய சேதத்தின் அடையாளங்கள். நேற்று நடந்ததாகக் கூறும் சேதத்தில் இவற்றைக் கண்டால் சர்வேயர் கேள்வி கேட்பார். பிளாஸ்டிக் பம்பரில் துருவே இராது. அங்கே அழுத்தம் பட்ட இடம் வெளுத்திருப்பதையும், உடைந்த கிளிப்பையும், பம்பர் விலகிய இடைவெளியையும் குறிக்க வேண்டும்.

சுற்றுப்புறம்

சுற்றுப்புறமும் இரண்டு வகைப்படும். ஒன்று சேதத்தை ஒட்டிய காரின் பகுதிகள். கதவு முன்போல் மூடுகிறதா, பக்கத்துப் பாகத்துடன் இடைவெளி சமமாக உள்ளதா, விளக்கு எரிகிறதா, சக்கரம் உரசுகிறதா என்பவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை இப்போதும் காரில் பார்க்கலாம். மறுபக்கத்து இடைவெளியையும் அளந்து ஒப்பிட்டால் உள்ளே மறைந்துள்ள வளைவும் வெளிப்படும்.

மற்றொன்று நிகழ்விடம். தரையில் கிடந்த துண்டுகள், எதிர்ப் பொருளில் ஒட்டிய பெயிண்ட், கார் நின்ற கோணம், வெளிச்சம், மழை ஆகியவை படத்தோடு போயின. இவற்றுள் சிலவற்றை வேறு வழியில் பெறலாம். தூணில் உரசியதாயின் அந்தத் தூண் அங்கேயே நிற்கும். அதன் தழும்பின் உயரத்தை அளந்து காரின் தழும்புடன் ஒப்பிடலாம். நிறுத்துமிடத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் உடனே கேட்க வேண்டும், பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும். உரசிய திசையைக் காரே ஓரளவு காட்டும். சீவப்பட்ட பெயிண்ட் துகள்கள் உராய்வு முடிந்த பக்கத்தில் குவிந்து நிற்கும். கார் நகர்ந்ததா, நின்ற காரில் வேறு வண்டி உரசியதா என்னும் கேள்விக்கு இந்தத் திசை உதவும். எஞ்சியவற்றுக்கு நினைவு மட்டுமே மூலம்.

நினைவின் எல்லை

விபத்து நினைவு எவ்வளவு எளிதில் மாறும் என்பதை 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் ஆகிய உளவியலாளர்கள் காட்டினர். கார் மோதும் படச்சுருளைப் பார்த்த மாணவர்களிடம் கார்களின் வேகம் கேட்கப்பட்டது. "நொறுங்க மோதியபோது" என்ற பொருள்படும் சொல்லால் கேட்கப்பட்டவர்கள் "மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்களைவிட அதிக வேகம் கூறினர். ஒரு வாரத்துக்குப் பின் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் பிரிவில் 50 பேரில் 16 பேரும் இரண்டாம் பிரிவில் 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகக் கூறினர். படச்சுருளில் உடைந்த கண்ணாடியே இல்லை.

புகைப்படம் எடுத்தவருக்கு இன்னொரு குறையும் உண்டு. அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைந்த விவரங்களையே நினைவில் வைத்திருந்ததாக லிண்டா ஹென்கலின் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. படம் இருக்கிறதே என்ற எண்ணத்தில் கண் கூர்ந்து பார்ப்பதில்லை என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். படமும் அழிந்துவிட்டால் இரண்டு பக்கமும் இழப்புதான்.

இதனால் விவரணையை மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுதுவது பயனளிக்கும். அளந்தவை, நினைவில் உள்ளவை, ஊகித்தவை என்பன அவை. நினைவுப் பகுதியை எழுதும்போது பிறரிடம் பேசுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். உடனிருந்தவர்கள் தனித்தனியே எழுதிய பின் ஒப்பிட்டால், ஒருவரின் சொல் மற்றவரின் நினைவாக மாறுவதைத் தவிர்க்கலாம்.

ஒரு மாதிரி நிகழ்வு

வெள்ளிச் சாம்பல் நிறச் சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயது மூன்றரை ஆண்டு. ஞாயிறு இரவு ஒரு திருமண மண்டபத்தின் வாகன நிறுத்தத்தில், சுவரை நோக்கி நிறுத்தப்பட்டிருந்தது. குடும்பத்தினர் 9 மணிக்கு வெளியே வந்தபோது இடது பின் கதவு அடிபட்டிருந்தது. உரிமையாளர் ஐந்து படங்கள் எடுத்தார். திங்களன்று கார் கழுவப்பட்டது. புதனன்று கைப்பேசியில் இடம் நிரம்பிவிட்டதால் படங்கள் அழிக்கப்பட்டன, குப்பைத்தொட்டியும் காலிசெய்யப்பட்டது. வியாழனன்று அவர் படிவத்தில் எழுதிய முதல் வரைவு இது:

"இடது பக்கம் பெரிய அடி. வேறு வண்டி வேகமாக வந்து மோதியதில் கதவு முழுவதும் போய்விட்டது. கண்ணாடித் துண்டுகள் சிதறிக் கிடந்தன."

இதில் எந்தச் சொற்றொடரையும் காருடன் ஒப்பிட முடியவில்லை. மோதலை அவர் பார்க்கவில்லை. ஆகவே "வேகமாக" என்பது ஊகம். காரில் எந்தக் கண்ணாடியும் விளக்கும் உடையவில்லை. கண்ணாடித் துண்டுகள் இருந்திருந்தால் அவை மற்ற வண்டியுடையவையாக இருக்க வேண்டும். கதவு "முழுவதும்" சேதமடையவில்லை என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

பிறகு அவர் அளவுநாடாவுடன் காரருகே சென்று, அன்று வீட்டிலிருந்த இருவரையும் தனித்தனியே கேட்டு, மறுவரைவு எழுதினார்:

"அளந்தவை. சேதம் இடது (பயணி பக்க) பின் கதவில் உள்ளது. கதவின் முன் விளிம்பிலிருந்து 9 செ.மீ. தள்ளிக் கீறல் தொடங்கிப் பின்னோக்கி 46 செ.மீ. செல்கிறது. தரையிலிருந்து உயரம் முன்முனையில் 52 செ.மீ., பின்முனையில் 55 செ.மீ. அதிகபட்ச அகலம் 2 செ.மீ. நடுவில் 20 செ.மீ. நீளத்துக்கு நகம் சிக்குகிறது. அதனுள் 6 செ.மீ. அளவுக்குச் சாம்பல் நிறப் பிரைமர் தெரிகிறது. உலோகமோ துருவோ தெரியவில்லை. பெயிண்ட் துகள்கள் முன்முனையில் குவிந்துள்ளன. கீறலின் நடுவில் 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரமுள்ள டொக்கு உள்ளது. அதன் ஆழம் ஏறத்தாழ 6 மி.மீ., ஒரு மடிப்பு உண்டு. கதவு திறந்து மூடுகிறது. பின் விளிம்பின் இடைவெளி வலப்பக்கக் கதவின் இடைவெளிக்குச் சமம். குவாட்டர் பேனலில் சேதம் இல்லை. இடது முன் ஃபெண்டரில் உள்ள 3 செ.மீ. கீறல் பழையது, இந்த நிகழ்வைச் சேர்ந்ததன்று.

நினைவில் உள்ளவை. கார் இரவு சுமார் 7 மணிக்கு நிறுத்தப்பட்டது, 9 மணிக்குச் சேதம் தெரிந்தது. மழை இல்லை. கீறலில் கருநீலப் பெயிண்ட் ஒட்டியிருந்ததாக எனக்கு நினைவு. மனைவியும் தனியே அவ்வாறே கூறினார். மகள் கறுப்பு என்கிறாள். திங்களன்று கார் கழுவப்பட்டதால் இப்போது அது இல்லை. தரையில் கண்ணாடித் துண்டுகள் இருந்ததாக எனக்கு மங்கலான நினைவு. மற்ற இருவருக்கும் அது நினைவில்லை.

ஊகம். மோதலை யாரும் பார்க்கவில்லை. இடப்பக்கம் நின்றிருந்த வண்டி வெளியேறும்போது உரசியிருக்கலாம். நிகழ்விடத்தில் எடுத்த ஐந்து படங்கள் புதனன்று கவனக்குறைவால் அழிந்துவிட்டன."

இந்த விவரணையைப் படிக்கும் சர்வேயருக்கு வழி தெளிவாகிறது. 52 முதல் 55 செ.மீ. வரையிலான உயரம் பல கார்களின் பம்பர் உயரத்துடன் ஒத்துப்போகும். துகள்கள் முன்முனையில் குவிந்திருப்பதால் உரசிய பொருள் காரின் பின்புறத்திலிருந்து முன்புறம் நோக்கி நகர்ந்துள்ளது. சுவரை நோக்கி நின்ற காரின் பக்கத்தில் இன்னொரு வண்டி நுழையும்போதுதான் அந்தத் திசையில் உரச முடியும், பின்வாங்கி வெளியேறும்போது அன்று. உரிமையாளரின் ஊகம் தவறாக இருக்கலாம் என்று அவரது அளவுகளே காட்டுகின்றன. அது ஊகம் என்று குறிக்கப்பட்டிருந்ததால் அதனால் முரண்பாடு எழவில்லை. அளவுகள் சரியாக இருப்பதே போதும்.

இரண்டு நாள்கள் கழித்து மைத்துனரின் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் நகல் கிடைத்தது. அதில் கதவின் கீழ்ப்பாதியும் தரையின் ஒரு பகுதியும் தெரிந்தன. கீறலில் கருநிறப் பூச்சு இருந்தது. நீலமா கறுப்பா என்று மஞ்சள் விளக்கொளியில் சொல்ல முடியவில்லை. படத்தில் தெரிந்த தரையில் சரளைக்கற்கள் மட்டுமே இருந்தன, கண்ணாடி இல்லை. உரிமையாளர் அந்த நகலையும், "கண்ணாடித் துண்டுகள் பற்றிய என் நினைவைக் கிடைத்த படம் உறுதிசெய்யவில்லை" என்னும் ஒருவரித் திருத்தத்தையும் அனுப்பினார். முதல் வரைவையே அனுப்பியிருந்தால் இதே படம் அவரது வாக்குமூலத்துக்கு எதிரான சான்றாகியிருக்கும்.

விவரணை தடுமாறும் இடங்கள்

பழைய சேதத்தைப் புதியதுடன் சேர்த்து எழுதுவது அடிக்கடி நிகழ்வது. காலாவதியான பாலிசியைப் புதுப்பிக்கும்போது நிறுவனம் காரைப் பரிசோதித்துப் படமெடுத்து வைத்திருக்கும். உரிமையாளரிடம் படம் இல்லாவிட்டாலும் நிறுவனத்திடம் அந்தப் பழைய படம் இருக்கலாம். வெவ்வேறு நாளில் நிகழ்ந்த சேதங்கள் வெவ்வேறு உரிமைகோரல்களாகவே கொள்ளப்படும். ஒவ்வொன்றிலும் கட்டாயக் கழிவுத்தொகை தனியே கழிக்கப்படும். 1500 சி.சி.க்கு மேற்படாத கார்களுக்கு இது வழக்கமாக 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய்.

இப்போது எடுத்த படத்தை விபத்தன்று எடுத்ததாகக் கொடுப்பது மற்றொரு தவறு. படக்கோப்பில் எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். புதிய படங்கள் எடுப்பதில் தவறில்லை. அவை எடுத்த நாளைக் குறிப்பிட்டு, அளவுநாடா தெரியும்படி எடுத்து இணைக்கப்பட வேண்டும்.

கார் பழுதுபார்க்கப்பட்ட பின் படமும் இல்லை என்பது கடினமான நிலை. அப்போது ஒர்க்‌ஷாப்பின் ஜாப் கார்டு, மதிப்பீடு, பில், கழற்றிய பழைய பாகம் ஆகியவையே எஞ்சிய சான்றுகள். பார்வையிடும் முன்பே பழுதுபார்த்ததைக் காட்டி நிறுவனம் மறுக்கவும் கூடும். ஆகவே படம் அழிந்தது தெரிந்த நாளில் செய்யவேண்டியது, காரை அதே நிலையில் வைத்து, கழுவுவதையும் தள்ளிப்போட்டு, நிறுவனத்துக்குத் தகவல் தந்துவிட்டு, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு காரருகே செல்வதே.